‘சிரமம் ஏற்படவில்லை’, ‘ஏற்கவில்லை’: ஒரு வினாப் படிவத்தைப் பழுது பார்த்த அனுபவம்

நூலக வாசகர்களிடம் கருத்துக் கேட்பதற்காக நாங்கள் அச்சிட்ட படிவத்தில் 18 கேள்விகள் இருந்தன. முதல் கட்டு நிரம்பித் திரும்பி வந்ததும், விடைகளைக் கணினியில் ஏற்றும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பத்துப் பதினைந்து படிவங்கள் வரை தடையில்லாமல் போனது. அடுத்த படிவத்தில், ஏழாம் கேள்வியில் கை நின்றுவிட்டது.

> 7. நூல்களைத் தேடிக் கண்டறிவதில் எனக்குச் சிரமம் ஏற்படவில்லை.
> முற்றிலும் ஏற்கிறேன் / ஏற்கிறேன் / ஏற்கவில்லை / முற்றிலும் ஏற்கவில்லை

டிக் ‘முற்றிலும் ஏற்கவில்லை’ என்பதில் விழுந்திருந்தது. அப்படியென்றால் இவருக்குப் பெரும் சிரமம் என்று பொருள். ஆனால் அதே படிவத்தின் அடியில், கருத்து எழுதும் இடத்தில், அதே பேனாவால் எழுதியிருந்தார்: “புத்தகங்களை ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறீர்கள். தேடியதும் கையில் கிடைத்துவிடுகிறது.”

ஏற்கெனவே ஏற்றி முடித்த படிவங்களை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். கருத்து எழுதியிருந்த சிலவற்றில் இதே முரண் இருந்தது. நேர் எதிரான ஒன்றும் கிடைத்தது: ‘ஏற்கிறேன்’ என்று டிக் செய்துவிட்டு, கீழே “அலமாரி எண்களே புரிவதில்லை” என்று எழுதிய படிவம். கருத்து எழுதியவர்களிடம் மட்டும்தான் இந்தப் பிழை வெளியே தெரிகிறது என்பதுதான் என்னை உலுக்கியது. பெரும்பாலானவர்கள் எதுவும் எழுதாமல் டிக் மட்டும் செய்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் சொல்ல நினைத்ததற்கு நேர்மாறாகக் குறித்தார்கள் என்பதைப் படிவத்தை வைத்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. சராசரி எடுத்தால் ஏழாம் கேள்வி நடுவில் வந்து நிற்கும்; ‘வாசகர்களிடையே கலவையான கருத்து’ என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் போயிருப்போம்.

அன்று மாலை, அந்தப் படிவத்தைத் தந்த பெரியவர் புத்தகம் திருப்பித் தர வந்திருந்தார். பெயரை அவரே எழுதியிருந்ததால் அடையாளம் தெரிந்தது. படிவத்தைக் காட்டிக் கேட்டேன்.

“ஐயா, ஏழாம் கேள்வியில் ‘முற்றிலும் ஏற்கவில்லை’ என்று குறித்திருக்கிறீர்கள். புத்தகம் தேடுவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறதா?”

“கஷ்டமே இல்லையே, அம்மா. சிரமம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை என்பதால்தான் ‘இல்லை’ என்று முடிகிற கட்டத்தில் போட்டேன்.”

பழுதின் மூலகாரணம் அந்த ஒரு பதிலில் கிடைத்துவிட்டது.

இரட்டை மறுப்பு எங்கே ஒளிந்திருந்தது

இரட்டை எதிர்மறை என்றால் ‘வராமல் இருந்ததில்லை’, ‘இல்லாமல் இல்லை’ போல ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு மறுப்பு இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த அளவுகோலின்படி எங்கள் ஏழாம் கேள்வியில் குற்றமில்லை. அதில் மறுப்பு ஒன்றுதான்: ‘ஏற்படவில்லை’. இரண்டாவது மறுப்பு விடையில் இருக்கிறது: ‘ஏற்கவில்லை’. கேள்வியும் விடையும் சேரும்போதுதான் ‘சிரமம் ஏற்படவில்லை என்பதை நான் ஏற்கவில்லை’ என்ற முடிச்சு உருவாகிறது. கேள்விகளை மட்டும் படித்துச் சரிபார்க்கிறவர் கண்ணில் அது படாது. எங்களில் நான்கு பேர் அந்தப் படிவத்தைப் படித்துப் பார்த்திருந்தோம்; நான்கு பேருமே கேள்விகளைத்தான் படித்தோம்.

தமிழில் பேசுகிறவர்களுக்கு இது கூடுதல் சிக்கல். “நீங்கள் இன்னும் உறுப்பினர் அட்டை வாங்கவில்லையா?” என்று கேட்டால், வாங்காத ஒருவர் “ஆமாம், வாங்கவில்லை” என்றும் சொல்லலாம், “இல்லை, வாங்கவில்லை” என்றும் சொல்லலாம். இரண்டும் இயல்பான தமிழ். இரண்டுக்கும் ஒரே பொருள். வாங்கிய ஒருவரும் “இல்லையே, போன மாதமே வாங்கிவிட்டேன்” என்று ‘இல்லை’யில்தான் தொடங்குவார். நேரில் பேசும்போது பின்னால் வரும் சொற்கள் குழப்பத்தைத் தீர்த்துவிடுகின்றன. படிவத்தில் அந்தப் பின்சொற்களுக்கு இடமில்லை. ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு கட்டங்கள்தான். அந்தக் கேள்விக்கு வருகிற ‘இல்லை’ எந்த ‘இல்லை’ என்பது கேட்டவருக்கும் தெரியாது, எண்ணுகிறவருக்கும் தெரியாது.

ஆகவே நான் முதலில் செய்தது, 18 கேள்விகளையும் ஒவ்வொரு விடையோடும் சேர்த்து, முழு வாக்கியமாக வாய்விட்டுப் படித்தது. உடன் வேலை செய்யும் தோழி ஒருத்தி எதிரே உட்கார்ந்து கேட்டாள். கேட்டவுடன் பொருள் சொல்ல முடிந்தால் டிக். ஒரு கணம் யோசித்தால் சிவப்புக் கோடு. மௌனமாகப் படித்தபோது ஒழுங்காகத் தெரிந்த ஐந்து கேள்விகள் இதில் சிக்கின. இந்தச் சோதனைக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அச்சுக்கு அனுப்பும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை இது.

ஏழாம் கேள்வியைத் திருத்தியது

முதல் திருத்தம் எளிதாகத் தோன்றியது. மறுப்பை எடுத்துவிட்டு ‘நூல்களைத் தேடிக் கண்டறிவது எனக்கு எளிது’ என்று மாற்றி, அதே நான்கு விடைகளைக் கொடுத்தோம். முடிச்சு அவிழ்ந்தது. ஆனாலும் எனக்குத் திருப்தி வரவில்லை. ‘எளிது’ என்ற கூற்றை ஒருவர் ஏற்கவில்லை என்றால் அது கடினம் என்று பொருளா, சுமார் என்று பொருளா, அவர் தேடியதே இல்லை என்று பொருளா? தவிர, ஒரு கூற்றை நீட்டி ‘ஏற்கிறீர்களா’ என்று கேட்டால் மரியாதைக்காகவோ அவசரத்திலோ ‘ஏற்கிறேன்’ என்று குறித்துவிடும் பழக்கம் மனிதர்களுக்கு உண்டு. மறுப்பை நீக்கியதால் அந்தச் சாய்வு நீங்கிவிடாது.

எனவே ‘ஏற்கிறேன், ஏற்கவில்லை’ என்ற விடைகளையே இந்தக் கேள்வியிலிருந்து எடுத்துவிட்டோம். நாங்கள் உண்மையில் அறிய விரும்பிய அளவு எளிது–கடினம் என்பதால், விடைகளும் அதே அளவில் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

> 7. கடைசியாக இந்த நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் தேடியபோது, அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி இருந்தது?
> மிக எளிது / எளிது / கடினம் / மிகக் கடினம் / கண்டுபிடிக்கவே முடியவில்லை / நான் இங்கே புத்தகம் தேடியதில்லை

கடைசி இரண்டு விடைகளிலும் மறுப்பு இருக்கிறதே என்று தோழி கேட்டாள். இருக்கலாம். அவை தனித்து நின்று பொருள் தருகின்றன. எந்தக் கூற்றையும் திருப்பிப் போடவில்லை. ‘முடியவில்லை’ என்பதைக் குறிக்கும் வாசகர் எதையும் மனதில் கவிழ்த்துப் பார்க்க வேண்டியதில்லை. எதிர்மறைச் சொற்களையே ஒழித்துக்கட்டுவது எங்கள் வேலை அல்ல. ஒரு மறுப்பு இன்னொரு மறுப்பின் மேல் ஏறி உட்கார்வதைத்தான் தடுக்க வேண்டியிருந்தது. ‘தவறாமல் வருகிறீர்களா’ என்பதில் கணக்குப்படி இரண்டு மறுப்புகள் உண்டு. ‘இன்றியமையாத’ என்ற சொல்லும் ‘இன்றி’, ‘அமையாத’ என்று இரண்டு மறுப்புகளால் ஆனதுதான். ஆனால் இவற்றை யாரும் பிரித்துப் படிப்பதில்லை; ஒரே சொல்லாக உறைந்துவிட்டன. அவற்றைத் தொட வேண்டியதில்லை. அதே சமயம் ‘இன்றியமையாததல்ல என்ற கருத்தை ஏற்கவில்லை’ என்று யாராவது எழுதினால், உறைந்ததும் உருகிவிடும்.

ஒற்றை மறுப்பிலும் ஒரு பொறி இருந்தது. 11-ஆம் கேள்வி ‘நான் தேடிய எல்லாப் புத்தகங்களும் கிடைக்கவில்லை’ என்ற கூற்று. தேடிய எதுவுமே கிடைக்கவில்லையா, சில கிடைத்துச் சில கிடைக்கவில்லையா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். ‘எல்லா’, ‘அனைத்து’, ‘எப்போதும்’ போன்ற சொற்களோடு ‘இல்லை’ சேரும் இடமெல்லாம் இந்த ஐயம் எழும். அங்கே கூற்றை விட்டுவிட்டு, நடந்தவற்றையே விடைகளாக வரிசைப்படுத்தினோம்: ‘தேடிய எல்லாம் கிடைத்தன’, ‘சில கிடைத்தன, சில கிடைக்கவில்லை’, ‘எதுவும் கிடைக்கவில்லை’.

‘இல்லை’ என்று எழுதாத மறுப்புகள்

சிவப்புப் பேனாவோடு இரண்டாம் சுற்று போனபோது ‘இல்லை’, ‘அல்ல’, ‘கூடாது’, ‘வேண்டாம்’, ‘-ஆமல்’, ‘-ஆத’, ‘அற்ற’, ‘இன்றி’, ‘தவிர’ எல்லாவற்றையும் வட்டமிட்டேன். அப்படியும் 14-ஆம் கேள்வியில் ஒரே ஒரு வட்டம்தான் விழுந்தது. படித்துப் பாருங்கள்:

> 14. தாமதக் கட்டணத்தை ரத்து செய்யக் கூடாது என்ற கருத்தை நீங்கள் எதிர்க்கிறீர்களா? ஆம் / இல்லை

‘கூடாது’ என்பது வெளிப்படையான மறுப்பு. ‘ரத்து’, ‘எதிர்க்கிறீர்களா’ இரண்டும் மறுப்புச் சொல் போலத் தெரியாத மறுப்புகள். விடையில் ‘இல்லை’ என்று குறித்தால் நான்காவதும் சேரும். இதை எழுதியது யாரையும் குழப்புவதற்காக அல்ல. கூட்டத்தில் ஒருவர் ‘ரத்து செய்யலாம்’ என்றார், இன்னொருவர் ‘கூடாது’ என்றார், அந்த விவாதம் அப்படியே கேள்வியாகக் குறிப்பேட்டில் ஏறிவிட்டது. அலுவலக வாதத்தின் சுவடுகள் வாசகரின் தலையில் விழுந்தன.

இப்படிப்பட்ட கேள்வி எவ்வளவு பெரிய தீங்கு செய்யும் என்பதற்குக் கருத்துக்கணிப்புத் துறையில் எல்லோரும் அறிந்த ஓர் உதாரணம் உண்டு. 1992-இல் அமெரிக்காவில் ரோப்பர் நிறுவனம் நடத்திய கணிப்பில், நாஜிகள் யூதர்களைக் கொன்றழித்தது ‘நடக்கவே இல்லை என்பது சாத்தியம் என்று தோன்றுகிறதா, சாத்தியமில்லை என்று தோன்றுகிறதா’ என்று கேட்டார்கள். 22 விழுக்காட்டினர் ‘சாத்தியம்’ என்றார்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல் அந்தப் படுகொலையையே சந்தேகிக்கிறார்கள் என்று 1993-இல் செய்தி வெளியாகி நாடே திடுக்கிட்டது. ‘நடக்கவே இல்லை’ என்பதோடு ‘சாத்தியமில்லை’ என்ற விடை சேர்ந்து முடிச்சாகிவிட்டதைப் பிறகுதான் கவனித்தார்கள். நடந்தது என்று நம்புகிறவர் ‘நடக்கவில்லை என்பது சாத்தியமில்லை’ என்று இரண்டு மறுப்புகளைத் தாண்டி வர வேண்டியிருந்தது. 1994-இல் ‘நடக்கவே இல்லை என்பது சாத்தியம் என்று தோன்றுகிறதா, அல்லது நடந்தது உறுதி என்று கருதுகிறீர்களா’ என்று மாற்றிக் கேட்டார்கள். ‘சாத்தியம்’ என்றவர்கள் சுமார் 1 விழுக்காடாகக் குறைந்தார்கள். 91 விழுக்காட்டினர் ‘நடந்தது உறுதி’ என்றார்கள். எங்கள் ஏழாம் கேள்வியைப் போலவே இங்கும் ஒரு மறுப்பு கேள்வியில், ஒரு மறுப்பு விடையில்.

எங்கள் 14-ஐத் திருத்த நான் பின்பற்றிய வழி இது. இப்போது என்ன நடக்கிறது என்பதை முதலில் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவது. பிறகு எதிர்கால வழிகளை, ஒவ்வொன்றும் செய்யக்கூடிய ஒரு செயலாக, விடைகளில் வைப்பது.

> 14. புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பித் தருகிறவர்களிடம் இப்போது அபராதம் வாங்குகிறோம். இனி என்ன செய்யலாம்?
> தொடர்ந்து அபராதம் வாங்கலாம் / அபராதம் வாங்குவதை நிறுத்திவிடலாம் / எதுவானாலும் எனக்குச் சம்மதம்

இதில் ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டுமே கிடையாது. எந்த விடையைத் தனியாக எடுத்துப் படித்தாலும் வாசகரின் கருத்து தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. மறுப்பை நீக்குவதற்காக ஒரு சொல்லை அதன் எதிர்ச்சொல்லால் மாற்றும்போது கேள்வியும் கொஞ்சம் நகர்ந்துவிடும். அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் ரக் 1941-இல் வெளியிட்ட பழைய ஒப்பீடு ஒன்று இருக்கிறது. ஜனநாயகத்துக்கு எதிரான மேடைப் பேச்சுகளை ‘அனுமதிக்க வேண்டுமா’ என்று ஒரு பகுதியினரிடமும், ‘தடை செய்ய வேண்டுமா’ என்று இன்னொரு பகுதியினரிடமும் கேட்டார்கள். கருத்துச் சொன்னவர்களில் சுமார் 75 விழுக்காட்டினர் அனுமதிக்கக் கூடாது என்றார்கள். தடை செய்ய வேண்டும் என்றவர்களோ சுமார் 54 விழுக்காடுதான். ‘அனுமதிக்காதே’ என்பதும் ‘தடை செய்’ என்பதும் அகராதியில் ஒன்றாக இருக்கலாம். பதில் சொல்கிறவர் மனதில் தடை என்ற சொல் கடுமையாக விழுகிறது. ஆகவே திருத்திய கேள்வியின் விடைகளைப் பழைய கேள்வியின் விடைகளோடு பக்கத்தில் வைத்து ‘முன்னேற்றம்’ என்று சொல்ல முடியாது. எங்கள் அட்டவணையில் மாறிய கேள்விகளுக்கு எதிரே ‘புதிய கேள்வி, பழையதோடு ஒப்பிட வேண்டாம்’ என்று எழுதிவைத்தோம்.

துறைச்சொல்லும் எழுத்துச் சுருக்கமும்

அடுத்த பழுது வேறு வகை. மறுப்பில் மாட்டிக்கொள்ளும் வாசகர் தவறான விடை சொல்வார். தெரியாத சொல்லில் மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் ஏதோ ஒரு விடை சொல்லிவிடுவார்; நடுக் கட்டத்தைக் குறித்துவிட்டுப் போவார். அதனால் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். எங்களுக்குக் கிடைத்த தடயம், சில கேள்விகளில் ‘சுமார்’ என்ற விடை மட்டும் குவிந்திருந்தது.

> 5. ஓபாக் வசதி உங்களுக்கு எந்த அளவு பயன்படுகிறது?
> 9. சுழற்சிப் பிரிவின் சேவை எப்படி இருக்கிறது?
> 12. இ.நூ.க. சேவையைப் பயன்படுத்துவீர்களா?

நூலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மூன்றும் அன்றாடச் சொற்கள். ஓபாக் என்பது நூல்களைத் தேடும் கணினிப் பட்டியல், சுழற்சிப் பிரிவு என்பது நூல்களைக் கொடுத்து வாங்கும் மேசை, இ.நூ.க. என்பது இந்த நூலகத்தில் இல்லாத புத்தகத்தை வேறொரு நூலகத்திலிருந்து தருவித்துக் கொடுக்கும் ‘இடை நூலகக் கடன்’. ஆறு வாசகர்களைத் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். சுழற்சிப் பிரிவு என்றால் சுழலும் அலமாரி என்று இருவர் சொன்னார்கள். நுழைவாயில் அருகே அப்படி ஒரு சுழலும் தாங்கி உண்மையிலேயே இருக்கிறது; அதற்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். இ.நூ.க.வை மின்னூல் சம்பந்தப்பட்டது என்று ஒரு கல்லூரி மாணவி உறுதியாகச் சொன்னாள். ‘இ’ என்றால் மின், ‘நூ’ என்றால் நூல். அவள் ஊகத்தில் தர்க்கம் இருந்தது. தப்பு எங்கள் சுருக்கத்தில்.

இந்த உரையாடல்களில் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். “இந்தக் கேள்வி புரிகிறதா?” என்று கேட்பது வீண். எல்லோரும் புரிகிறது என்பார்கள். புரியாததைப் புரியவில்லை என்று ஒப்புக்கொள்ளக் கூச்சம் இருக்கலாம்; தவறாகப் புரிந்துகொண்டவருக்கோ தனக்குப் புரியவில்லை என்பதே தெரியாது. “இந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்” என்றும், டிக் செய்த பிறகு “எதை நினைத்து இதைக் குறித்தீர்கள்?” என்றும் கேட்டேன். சுழலும் அலமாரி வெளியே வந்தது இரண்டாவது கேள்வியால்தான். இடையில் நான் விளக்கம் சொல்லக் கூடாது என்பதுதான் இதில் பெரிய கஷ்டம். “அது வந்து…” என்று வாய் திறந்துவிட்டால் அந்தச் சோதனை அங்கேயே முடிந்தது.

சுருக்கங்களை விரித்து எழுதினால் போதும் என்று முதலில் நினைத்தோம். ‘ஓபாக்’ என்ற இடத்தில் ‘இணையவழிப் பொது அணுகல் பட்டியல்’ என்று போட்டுப் பார்த்தோம். சுருக்கம் போய்விட்டது, தெளிவு வரவில்லை. ஒவ்வொரு சொல்லும் தமிழ்தான். சேர்த்துப் படித்தால் எதுவும் கண்முன் தோன்றவில்லை. விரித்து எழுதுவதும் விளங்க எழுதுவதும் வேறு வேறு. பெயரை விட்டுவிட்டு வாசகர் செய்யும் செயலைச் சொன்னபோதுதான் வேலை நடந்தது.

> 5. எங்கள் நூலகத்தில் ஒரு புத்தகம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, நூலகக் கணினியிலோ உங்கள் கைபேசியிலோ புத்தகத்தின் பெயரைத் தட்டச்சு செய்து தேடியிருக்கிறீர்களா?
> தேடியிருக்கிறேன் / தேடியதில்லை / இப்படி ஒரு வசதி இருப்பது எனக்குத் தெரியாது

‘தேடியிருக்கிறேன்’ என்றவர்களுக்கு மட்டும் அடுத்த கேள்வி: அது எவ்வளவு பயன்பட்டது? மூன்றாவது விடை எங்களுக்கு மிகவும் உதவியது. வசதியைப் பற்றிய அதிருப்தியும் வசதி இருப்பதே தெரியாததும் பழைய படிவத்தில் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

இந்தத் திருத்தமும் முதல் முயற்சியில் சரியாக வரவில்லை. முதலில் ‘கணினியிலோ கைபேசியிலோ புத்தகத்தின் பெயரைத் தேடியிருக்கிறீர்களா’ என்று மட்டும் எழுதியிருந்தோம். சோதனைக்கு வந்த ஒருவர் ‘தேடியிருக்கிறேன்’ என்று குறித்தார். எதை நினைத்து என்று கேட்டபோது, இணையத்தில் புத்தகத்தின் பெயரைப் போட்டுப் பார்ப்பதைச் சொன்னார். துறைச்சொல்லுக்கு ஓர் எல்லை இருந்தது. எளிய சொல்லுக்கு மாறியபோது அந்த எல்லை அழிந்துவிட்டது. ‘எங்கள் நூலகத்தில் ஒரு புத்தகம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு’ என்ற தொடரைச் சேர்த்ததும் எல்லை திரும்பி வந்தது. எளிமையாக்கும் ஒவ்வொரு இடத்திலும், பழைய சொல் எதை உள்ளே வைத்திருந்தது, எதை வெளியே நிறுத்தியிருந்தது என்று பார்க்க வேண்டும். வாக்கியம் நீளமாகிவிட்டதே என்று அச்சக வேலை பார்க்கும் சக ஊழியர் வருத்தப்பட்டார். நீளம்தான். ஆனால் ஒரே மூச்சில் புரிகிறது. ‘ஓபாக்’ என்ற மூன்றெழுத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் புரியாது.

ஒன்பதாம் கேள்வி ‘புத்தகங்களைக் கொடுத்து வாங்கும் மேசையில்’ என்று மாறியது. பன்னிரண்டாவது இப்படி:

> 12. நீங்கள் கேட்கும் புத்தகம் இங்கே இல்லையென்றால், வேறொரு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருகிறோம். வந்து சேர ஒரு வாரம் ஆகலாம். உங்களுக்குத் தேவைப்பட்டால் இப்படி வாங்கிக்கொள்வீர்களா?
> வாங்கிக்கொள்வேன் / வேண்டாம் / அந்தச் சமயத்தில்தான் சொல்ல முடியும்

எல்லாச் சுருக்கங்களையும் நீக்கிவிடவில்லை. எஸ்.எம்.எஸ். என்பதைக் ‘குறுஞ்செய்திச் சேவை’ என்று விரித்தால் வாசகர்தான் தடுமாறுவார். சுருக்கமே பெயராகிவிட்ட சொற்கள் அப்படியே இருக்கட்டும். எங்கள் ஆறு பேரில் ஒருவர்கூட அதில் தயங்கவில்லை என்பதுதான் அதைத் தொடாமல் விட்டதற்குக் காரணம்.

மறுப்பு வாக்கியங்களை ஏன் வைத்திருந்தோம்

எதிர்மறைக் கூற்றுகளைப் படிவத்தில் சேர்த்ததற்கு ஒரு காரணம் இருந்தது. கேள்விகளைப் படிக்காமல் ஒரே பத்தியில் மேலிருந்து கீழாக டிக் போட்டுக்கொண்டே போகிறவர்கள் உண்டு. நடுநடுவே கூற்றைத் தலைகீழாக்கினால் அவர்கள் மாட்டிக்கொள்வார்கள் என்பது பழைய பழக்கம். ஆனால் எங்கள் படிவத்தில் அது கவனமாகப் படித்தவர்களைத்தான் சிக்கவைத்தது. அந்தப் பெரியவர் ஒவ்வொரு கேள்வியையும் விரலால் தொட்டுப் படித்தவர்.

கணினி மென்பொருள்களின் பயன்பாட்டை அளக்கும் பத்து வாக்கிய வினாப்பட்டியல் ஒன்று உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. ‘எஸ்.யு.எஸ்.’ என்பார்கள், ஜான் புரூக் உருவாக்கியது. அதில் நேர்மறையும் எதிர்மறையுமாக வாக்கியங்கள் மாறிமாறி வரும். 2011-இல் ஜெஃப் சாரோ, ஜேம்ஸ் லூயிஸ் இருவரும் எல்லாவற்றையும் நேர்மறை வாக்கியங்களாக்கி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மதிப்பெண்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. மாறிமாறி வரும் வடிவத்தில்தான் பதில் சொல்கிறவர்கள் மறந்து தப்பாகக் குறிப்பதும், எதிர்மறை வாக்கியங்களின் மதிப்பெண்ணை ஆய்வாளர்களே தலைகீழாகக் கணக்கிட மறப்பதும் நடந்தன. நாங்கள் எதிர்மறைக் கூற்றுகளை எடுத்துவிட்டு, நீண்ட கட்ட வரிசையையும் உடைத்தோம். ஒவ்வொரு கேள்விக்கும் அதற்கே உரிய விடைகள் இருந்தால், ஒரே பத்தியில் டிக் போட்டுக்கொண்டே இறங்குவதற்குப் பத்தியே கிடையாது.

பழைய படிவங்கள்

ஏற்கெனவே நிரம்பி வந்தவற்றை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் வாதம் நடந்தது. முரண் தெரியும் படிவங்களில் விடையைத் திருப்பிப் போட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. கருத்து எழுதியவர்களின் டிக்கை மட்டும் திருத்தினால், எழுதாதவர்களின் பிழை அப்படியே இருக்கும். இரண்டும் கலந்த எண் முன்பைவிட மோசமானது. அதோடு, வாசகர் குறித்த விடையை மாற்றும் உரிமை நமக்கு இல்லை. சிவப்புக் கோடு விழுந்த ஐந்து கேள்விகளுக்கும் துறைச்சொல் இருந்த மூன்று கேள்விகளுக்கும் வந்த விடைகளை முழுவதுமாக ஒதுக்கினோம். மீதிப் பத்துக் கேள்விகளின் விடைகளை வைத்துக்கொண்டோம். ஒதுக்கியதையும் காரணத்தையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதினோம்.

புதிய படிவத்தை அச்சுக்குத் தரும் முன் வேறு ஆறு பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். முதல் ஆறு பேரை மறுபடி அழைக்கவில்லை. அவர்களுக்கு இப்போது சுழற்சிப் பிரிவு என்றால் என்னவென்று தெரியும். இந்தச் சுற்றில் ஒரு கேள்வி மட்டும் திரும்பி வந்தது. 16-ஆவதில் ‘வழக்கமாக எந்த நேரத்தில் வருவீர்கள்’ என்று கேட்டிருந்தோம்; மாலையில் வேலை முடிந்து வரும் ஒருவர் ‘வழக்கமாக’ என்றால் தினமும் என்று எடுத்துக்கொண்டு, ‘நான் தினமும் வருவதில்லையே’ என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ‘கடைசியாக எந்த நேரத்தில் வந்தீர்கள்’ என்று மாற்றிக் கொடுத்தேன். பேனாவை எடுத்து, நிமிர்ந்து பார்க்காமல், ‘மாலை 5 மணிக்குப் பிறகு’ என்பதில் டிக் போட்டார்.